விடியற்காலை மைக்ரேனில் மாத்திரை ஏன் எடுபடுவதில்லை? குமட்டல் மருந்தும் அசையாத வயிறும்

வடபழனி_சரவணன்

மனைவிக்கு வயசு 34, எடை 58 கிலோ. மைக்ரேன்னு நரம்பியல் டாக்டர் உறுதிப்படுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. நாப்ராக்சன் 500, டோம்பெரிடோன் 10 சேர்ந்த ஒரே மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கார். சாயங்காலம் லேசா ஆரம்பிக்கும்போதே போட்டா ஒன்றரை மணி நேரத்துல வலி அடங்கிடுது. தூக்கத்துலேர்ந்து வலியோட முழிச்சா மட்டும் அதே மாத்திரை சுத்தமா எடுபடறதில்லை.

போன வாரம் நடந்ததை நேரத்தோட எழுதறேன். 4:30க்கு முழிச்சப்பவே வலி உச்சம், கூடவே குமட்டல். ரெண்டு மடக்கு தண்ணியில மாத்திரை. 5:30க்கு குறையலைன்னு பாராசிட்டமால் 650. 6:15க்கு வாந்தி, அதுல முதல்ல போட்ட மாத்திரை கிட்டத்தட்ட முழுசா கிடந்தது. 8 மணிக்கு இன்னொரு வாந்தி. 10 மணிக்குத்தான் தூங்கினாங்க.

டோம்பெரிடோன் வாந்திக்கான மருந்துதானே, அப்புறம் ஏன் வாந்தி? அதைவிட ஸ்ட்ராங்கா நாக்குல கரையற ஆன்டான்செட்ரான் 4 மில்லிகிராம் சேர்த்தா சரியாகுமா?

கேஸ்_கணேசன்

சார், இது பித்தத் தலைவலி. வயிறு கெட்டாத்தான் தலை வலிக்கும். காலையில வெறும் வயித்துல அசிடிட்டிக்கான பேன்-டி கேப்சூல் ஒண்ணு போடச் சொல்லுங்க, ராத்திரி புளிப்பு வேண்டாம். வாந்தி வந்தா தடுக்கவே கூடாது, பித்தம் வெளிய வந்துட்டா தலைவலி தானா போயிடும். எங்க வீட்ல எல்லாருக்கும் இதுதான்.

மருந்துக்கடை_செல்வி

சரவணன் சார், 6:15 வாந்தியில மாத்திரை முழுசா இருந்ததுன்னு எழுதினீங்களே, உங்க கேள்விக்குப் பாதி விடை அதுலயே இருக்கு. ஒன்றே முக்கால் மணி நேரம் கழிச்சும் அது வயித்தை விட்டு நகரலை.

வாய்வழியா போடற மருந்து பெரும்பாலும் வயித்துல உறிஞ்சப்படறதில்லை. வயித்தோட கீழ்வாய் திறந்து சிறுகுடலுக்குப் போனப்புறம்தான் ரத்தத்துல ஏறும். மைக்ரேன் தாக்கும்போது வயித்தோட அசைவு மந்தமாகி, அந்த வாசல் வழியா எதுவும் சரியா இறங்கறதில்லை. மாத்திரை உள்ளே இருக்கு, ஆனா உடம்புக்கு அது இன்னும் போடாத மாத்திரைதான். சாயங்காலம் போட்டது வேலை செஞ்சதுக்குக் காரணம் மருந்து மாறினது இல்லை, வயிறு நிக்கறதுக்கு முன்னாடியே அது கீழ இறங்கிட்டதுதான்.

டோம்பெரிடோன் வாந்தி உணர்வைக் குறைக்கும், வயித்தையும் கீழ்நோக்கி அசைய வைக்கும். வலி மாத்திரையோட அதைச் சேர்த்ததே இந்த ரெண்டாவது வேலைக்காகத்தான். ஆனா வாசலைத் திறக்க வேண்டிய ஆளே வாசலுக்கு உள்பக்கம் மாட்டிக்கிட்டா? ஒரே மாத்திரையில ரெண்டும் இருக்கறதால, வயிறு ஏற்கனவே நின்னுட்டா ரெண்டும் சேர்ந்தே உள்ளே உக்காந்திருக்கும். 4:30க்கு நடந்தது அதுதான்.

ஒண்ணு கேக்கறேன். ஸ்ட்ரிப்போட பின்பக்கம் 'என்டெரிக் கோட்டட்' இல்லைன்னா 'டிலேடு ரிலீஸ்'னு போட்டிருக்கா? பாத்துச் சொல்லுங்க. இந்த விஷயத்துல அது ரொம்ப முக்கியம்.

கணேசன் சார், வரிசை தலைகீழா இருக்கு. வயிறு கெட்டு தலை வலிக்கலை, மூளையில தாக்குதல் ஆரம்பிச்சு அதோட ஒரு பங்காத்தான் வயிறு நிக்குது. வாந்திக்கப்புறம் சிலருக்கு வலி குறையறது உண்மைதான். ஆனா பல நேரம் தாக்குதல் முடியற கட்டத்துலதான் அந்த வாந்தி வருது, அதனால எது எதுக்குக் காரணம்னு சொல்ல முடியாது. விரல் விட்டு வாந்தி எடுத்தா போட்ட மருந்தும் போகும், உடம்புல தண்ணியும் போகும்.

மணி_பார்மா

செல்வி மேடம் சொன்னது சரி. அதனாலதான் நாக்குல கரையற மாத்திரை நல்லதுன்னு சொல்றாங்க. அது நாக்குக்கு அடியிலேயே நேரா ரத்தத்துல கலந்துடும், வயித்துக்குப் போற வேலையே இல்லை. ஆன்டான்செட்ரான் எம்.டி., மைக்ரேனுக்கான ட்ரிப்டான் வகை மருந்தான ரிசாட்ரிப்டான் எம்.டி. ரெண்டும் அப்படித்தான். 4:30க்கு இந்த ரெண்டையும் வெச்சா கதை முடிஞ்சது.

மருந்துக்கடை_செல்வி

மணி தம்பி, கடையில தினமும் காதுல விழற தப்பு இது. எம்.டி.ன்னா வாயில கரையும்னு மட்டும்தான் அர்த்தம், வாயிலயே உறிஞ்சப்படும்னு இல்லை. கரைஞ்சது எச்சியோட வயித்துக்குத்தான் போகுது, அதே வாசல்ல காத்திருக்குது. ரிசாட்ரிப்டான்ல எம்.டி. வடிவம் ரத்தத்துல உச்ச அளவை எட்ட சாதாரண மாத்திரையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரமே எடுக்கும். தண்ணி குடிச்சாலே ஓங்கறிக்குதுங்கறவங்களுக்கு அது வசதி, அதுக்காக வேகம்னு நினைச்சுடக்கூடாது.

ஆன்டான்செட்ரான்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. வாந்தியை நல்லாவே அடக்கும். ஆனா வயித்தை நகர்த்தற வேலை அதுக்குத் தெரியாது. வாந்தி நின்னதும் மருந்து வேலை செய்யுதுன்னு தோணும், வலி மாத்திரை மட்டும் அசையாத வயித்துலயே மிதந்துக்கிட்டிருக்கும். அதோட பக்கவிளைவுல மலச்சிக்கலும் உண்டு, தலைவலியும் உண்டு. தலைவலிக்காரங்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையான தேர்வுதான்.

யாழ்_குமரன் (லண்டன்)

செல்வி அக்கா சொன்னதோட ஒரு விதிவிலக்கையும் எழுதி வைக்கலாம். இஞ்ச இங்கிலாந்தில குமட்டலுக்குக் குடுக்கிற புரோக்ளோர்பெரசின் 3 மில்லிகிராம் குளிசை ஒண்டு இருக்கு, மேல் உதட்டுக்கும் முரசுக்கும் நடுவில வைச்சு விடுறது. அது உண்மையிலேயே வாய்த்தோல் வழியா ரத்தத்துக்குப் போகும். விழுங்கவும் கூடாது, சப்பவும் கூடாது, கரைஞ்சு முடிய மணித்தியாலக் கணக்கில எடுக்கும். நாக்கில கரையிற குளிசையையும் இதையும் ஒண்டெண்டு நினைக்கிறதாலதான் குழப்பம் வாறது.

வயிறு நிக்கிற விசயம் புதுசா கண்டுபிடிச்சதில்லை. 1970களிலேயே வோலன்ஸ் எண்டவர் லண்டனில தண்ணியில கரைச்ச ஆஸ்பிரினைக் குடுத்து ரத்தத்தில அளந்து பாத்தவர். தலைவலி இல்லாத நாளில நல்லா ஏறின அதே மருந்து, தாக்குதல் நேரத்தில மெதுவாத்தான் ஏறினது. குமட்டலைக் குறைச்சு வயித்தை அசைய வைக்கிற மெட்டோக்ளோபிரமைட்டைத் தசையில ஊசியாப் போட்ட பிறகு அந்தக் குறை பெருமளவு நீங்கினது. ஊசியாப் போட்டதைக் கவனியுங்கோ. அதைக் குளிசையாக் குடுத்திருந்தா அதுவும் வயித்துக்குள்ளயே நிண்டிருக்கலாம்.

2006இல அமெரிக்காவில ஆரோரா குழுவினர் கதிரியக்கக் குறி சேர்த்த சாப்பாட்டைக் குடுத்துப் படம் எடுத்தவை. பாதிச் சாப்பாடு வயித்தை விட்டுப் போக ஆரோக்கியமான ஆக்களுக்குச் சுமார் 110 நிமிசம், மைக்ரேன் நேரத்தில சுமார் 150. விசித்திரம் என்னண்டா, தலைவலி இல்லாத நாளிலயும் அந்த மைக்ரேன்காரருக்கு வயிறு மந்தமாத்தான் இருந்தது. ஆனா சின்ன ஆய்வு அது. பிறகு வந்த வேறை ஆய்வுகளில தலைவலி இல்லாத நாளில வயிறு சரியாத்தான் இருந்தது, அதால அந்தப் பக்கம் இன்னும் இழுபறிதான்.

வடபழனி_சரவணன்

செல்வி மேடம், ஸ்ட்ரிப்பைப் பாத்துட்டேன். நாப்ராக்சன் பகுதிக்கு 'டிலேடு ரிலீஸ்'னு போட்டிருக்கு. அது நல்லதுதானே? வயிறு புண்ணாகாதுன்னு சொன்னாங்களே.

இன்னொண்ணு விட்டுப்போச்சு. கணேசன் சார் சொன்ன பேன்-டி ஏற்கனவே தினமும் காலையில போடறாங்க, அசிடிட்டிக்கு. ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமும் உண்டு, மைக்ரேன் வராம இருக்க.

மருந்துக்கடை_செல்வி

நான் நினைச்சது சரியாப் போச்சு. அந்த மேல்பூச்சு வயித்து அமிலத்துல கரையாது, குடலுக்குப் போனப்புறம்தான் கரையும். சாதாரண மாத்திரை வயித்துல உடைஞ்சு தூளாகி, தண்ணியோட கொஞ்சம் கொஞ்சமாவது கசிஞ்சு இறங்கும். பூச்சு போட்டது ஒரே உருண்டையா வாசலைத் தாண்டியாகணும். செரிமானம் நடக்கறப்ப வயிறு பெரிய துண்டுகளைக் கீழ விடாது. சாப்பாடெல்லாம் போனப்புறம் ஒரு பெரிய அலை வந்து மிச்சத்தைக் கூட்டித் தள்ளும்போதுதான் அது இறங்கும். ராத்திரி லேட்டா சாப்பிட்டு, விடியற்காலை வயிறும் மந்தமா இருந்தா அந்த அலை எப்ப வரும்னு யாராலும் சொல்ல முடியாது. 6:15க்கு முழுசா வெளிய வந்தது அதனாலதான். சாதாரண மாத்திரையா இருந்திருந்தா குழம்பு மாதிரி வந்திருக்கும்.

தினமும் போடற மூட்டு வலிக்காரங்களுக்கு இந்தப் பூச்சு வசதியா இருக்கலாம். மைக்ரேனுக்கு வேகம்தான் முக்கியம், அங்க அது எதிராளி. பூச்சில்லாத நாப்ராக்சன் தர முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. இதுக்கு முன்னாடி வயித்துப்புண் இருந்திருந்தா அதையும் சொல்லிக் கேளுங்க, ஏன்னா பூச்சை எடுத்தாலும் எடுக்காட்டாலும் நாப்ராக்சன் ரத்தம் வழியாவே வயித்தைப் புண்ணாக்கக் கூடியது.

இப்ப பேன்-டிக்கு வரேன், எனக்குக் கவலை இதுலதான். அந்தக் கேப்சூல்ல பொதுவா டோம்பெரிடோன் 30 மில்லிகிராம், மெதுவா வெளியேறற வடிவத்துல இருக்கு. ஐரோப்பாவுல 2014ல போட்ட கட்டுப்பாட்டுப்படி பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 30தான், அதுவும் ஒரு வாரத்துக்கு மேல தொடராம. காலையில பேன்-டி, தாக்குதல் நேரத்துல 10 உள்ள மாத்திரை, ஆக 40. அது போதலைன்னு ரெண்டாவது மாத்திரையும் போட்டா 50. டோம்பெரிடோன் அதிகமானா இதயத்துடிப்போட மின்னோட்டம் நீண்டு துடிப்பு தாறுமாறாகலாம். அமிட்ரிப்டிலினும் அதே பக்கம்தான் தள்ளும். 10 மில்லிகிராம் சின்ன அளவுதான், ஆனாலும் ரெண்டையும் சேர்த்துப் பாக்கணும். இதுக்கு நடுவுல சளி, காய்ச்சல்னு யாராவது கிளாரித்ரோமைசின் எழுதிட்டாலோ, பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகனசோல் குடுத்தாலோ, டோம்பெரிடோன் சிதையாம உடம்புலயே ஏறிக்கிட்டுப் போகும்.

அதனால முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்: அசிடிட்டிக்கு டோம்பெரிடோன் இல்லாத வெறும் பான்டப்ரசோல் போதுமா? பேர்ல 'டி' இல்லாத கேப்சூலும் கிடைக்குது. நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட கேட்டு மாத்துங்க.

புள்ளிவிவரப்_புலி

கதை அழகா இருக்கு, ஆனா ஒரு முள்ளு வைக்கறேன். ஆஸ்பிரின் 900 மில்லிகிராமை மட்டும் குடுத்த சோதனைகளையும், அதோட மெட்டோக்ளோபிரமைட் 10 சேர்த்துக் குடுத்ததையும், பல ஆய்வுகளைச் சேர்த்து அலசற காக்ரேன் தொகுப்புல ஒண்ணா வெச்சுப் பாத்திருக்காங்க. சேர்த்தப்ப குமட்டலும் வாந்தியும் தெளிவா குறைஞ்சது. வலி குறையறதுல பெரிய வித்தியாசம் இல்லை. வயிறு திறந்து மருந்து நல்லா ஏறுதுன்னா வலியும் கூடுதலா குறைஞ்சிருக்கணுமே? 'ரத்தத்துல சீக்கிரம் ஏறுது'ங்கறதுலேர்ந்து 'வலி குறையுது'ங்கறதுக்கு எல்லாரும் சுலபமா தாவிடறாங்க.

யாழ்_குமரன் (லண்டன்)

நியாயமான கேள்வி, அண்ணை. என்ரை பதில் அரைகுறையாத்தான் இருக்கும். சோதனைகளில எல்லாற்றை வயிறும் ஒரேயளவு நிக்கிறதில்லை. வயிறு ஓடுற ஆளுக்குத் திறப்பு தேவையில்லை, அவரையும் சேர்த்துச் சராசரி எடுத்தா வித்தியாசம் கரைஞ்சு போகும். அதோட ஆஸ்பிரினைப் பலர் தண்ணியில கரைச்சுத்தான் குடிச்சவை, திரவம் எப்படியும் குளிசையைவிடச் சுகமா இறங்கும்.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். 1995இல வந்த ஒரு சோதனையில ஆஸ்பிரின் வகை மருந்தோட மெட்டோக்ளோபிரமைட் சேர்த்துக் குடுத்தது, சுமாட்ரிப்டான் 100 மில்லிகிராமோட கிட்டத்தட்டச் சமமா நிண்டது: வலி குறைஞ்ச ஆக்கள் 57 சதவீதம், 53 சதவீதம். வெறும் போலிக் குளிசைக்கு 24. ஆனா இதில மெட்டோக்ளோபிரமைட்டின்ரை பங்கு எவ்வளவெண்டு பிரிச்சுச் சொல்ல ஏலாது, ஆஸ்பிரின் மட்டும் குடுத்த குழு அதில இல்லை.

புள்ளிவிவரப்_புலி

அப்போ சுருக்கமா: குமட்டல் இருக்கறவங்களுக்குக் கட்டாயம் சேர்க்கலாம், குமட்டலே இல்லாதவங்களுக்குச் சேர்த்தா வலி கூடுதலா குறையும்ங்கறது நிரூபணமாகலை. இதை ஒத்துக்கறீங்களா?

மருந்துக்கடை_செல்வி

முதல் பாதியை ஒத்துக்கறேன். இங்கிலாந்து வழிகாட்டுதல்ல குமட்டலோ வாந்தியோ இல்லாட்டியும் குமட்டல் மருந்தைச் சேர்க்க யோசிக்கலாம்னு இருக்கு, ஆனா அது 'யோசிக்கலாம்'தான். உங்க சந்தேகத்தை நான் தள்ளிவிடலை.

மணி_பார்மா

சரி மேடம், எம்.டி. விஷயத்துல தோத்தேன். அப்ப டோம்பெரிடோனுக்குப் பதிலா மெட்டோக்ளோபிரமைட் போடலாமே? அது மூளைக்கும் போகும், வலியையே குறைக்கும்னு படிச்சேன்.

யாழ்_குமரன் (லண்டன்)

இந்த முறை சரியாப் படிச்சிருக்கிறீர். ஆஸ்பத்திரிகளில அவசரப் பிரிவில நரம்பு வழியா 10 மில்லிகிராம் குடுக்கேக்க, வேறை வலி மருந்து இல்லாமலே தலைவலி குறையிறதுண்டு. ஆனா மூளைக்குப் போறதுதான் அதின்ரை ஆபத்தும். சில பேருக்கு, அதுவும் இளம் பெண்களுக்கும் பதின்ம வயதுப் பிள்ளையளுக்கும், கழுத்து ஒரு பக்கம் முறுகி, கண் மேல சொருகி, தாடை இறுகிப் போகும். பாக்கிற ஆக்கள் வலிப்பெண்டு பயந்திடுவினம். உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா மாற்று ஊசியில கெதியாச் சரியாகும்.

நரம்பில வேகமா ஏத்தினா இன்னொரு தொல்லை: ஆளால ஒரு இடத்தில இருக்க ஏலாது, கட்டிலை விட்டு எழும்பி ஓட வேணும் போல அந்தரமா இருக்கும். 15 நிமிசம் எடுத்து மெதுவா ஏத்தினா அது குறையும். வீட்டில குளிசையா எண்டா ஐரோப்பிய விதி ஒரு வேளைக்கு 10, நாளுக்கு 30, கூடினது 5 நாள். பார்க்கின்சன், வலிப்பு உள்ள ஆக்களுக்கு வேண்டாம். டோம்பெரிடோன் மூளைக்குள்ள அதிகம் போறதில்லை, அதால கழுத்து முறுகல் அரிது. ஆனா இதயப் பக்கம் கவனம். ரெண்டிலயும் ஒவ்வொரு வில்லங்கம்.

வடபழனி_சரவணன்

புரியுது. அப்ப நடைமுறையில 4:30க்கு என்ன செய்யணும்? மாத்திரைங்கற வழியே மூடியாச்சுன்னா?

மருந்துக்கடை_செல்வி

ரெண்டு சூழ்நிலையைப் பிரிச்சுக்கோங்க.

சாயங்காலத் தாக்குதல்ல வயிறு இன்னும் ஓடுது. அங்க கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, லேசான வலின்னு ஆரம்பிக்கும்போதே ஒரு முழு டம்ளர் தண்ணியோட போடறதுதான் முக்கியம். ரெண்டு மடக்குல போட்டா மாத்திரை வயித்து மேல்பக்கத்துலயே தங்கிடலாம். டாக்டர் சம்மதிச்சா சேர்ந்த மாத்திரைக்குப் பதிலா தனித்தனியா வாங்கி, டோம்பெரிடோன் 10 முதல்ல, 15 இருபது நிமிஷம் கழிச்சு வலி மாத்திரைன்னு பிரிக்கலாம். அந்த இடைவெளிக்காக வலி முத்தற வரை காத்திருந்தா லாபம் போச்சு.

விடியற்காலைத் தாக்குதல்ல வயிறு நின்னுதான் முழிப்பே வருது. அங்க மாத்திரையை மாத்தி மாத்திப் பாக்கறதுல பிரயோஜனம் கம்மி, வழியையே மாத்தணும். சுமாட்ரிப்டான் தோலுக்கடியில போடற 6 மில்லிகிராம் ஊசி வயித்தைத் தொடறதே இல்லை, 10-15 நிமிஷத்துல வேலையை ஆரம்பிக்கும். அதே மருந்தை மூக்குல அடிக்கற ஸ்ப்ரே பாதி வழி, ஏன்னா அதுல ஒரு பங்கு தொண்டைக்கு வடிஞ்சு விழுங்கப்படுது. அடிச்சதும் தலையைப் பின்னால சாய்ச்சு உறிஞ்சினா அந்தப் பங்கு கூடும், அதனால மெதுவா மூச்சு இழுத்தா போதும். இதய நோய், கட்டுப்படாத ரத்தக்கொதிப்பு இருந்தா இந்த ரெண்டுமே கூடாது. மூணாவது, ஆசனவாய்ல வைக்கற டைக்ளோபினாக். நம்ம ஊர்ல கூச்சப்பட்டு யாரும் கேக்கறதில்லை, கடையில அது பாட்டுக்கு இருக்கு. நாப்ராக்சனும் டைக்ளோபினாக்கும் ஒரே குடும்பம், ரெண்டையும் சேர்த்துப் போடவே கூடாது.

அடுத்தது, நீங்க எழுதின 5:30 பாராசிட்டமால். நிறைய பேர் தப்பு பண்ற இடம் இதுதான். ஒரு மணி நேரத்துல கேக்கலைன்னு இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணுன்னு போட்டுக்கிட்டே போவாங்க. வயிறு ஒரு கட்டத்துல திடீர்னு திறக்கும், உள்ளே சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒண்ணா இறங்கும். வேலை செய்யலைங்கறதுக்காக அது கணக்குல வராம போகாது. விழுங்கின நேரத்தை ஒரு பேப்பர்ல குறிச்சு வெச்சு, அடுத்த வேளையை அதுலேர்ந்து எண்ணுங்க. வாந்தியில மாத்திரை கண்ணுல பட்டாலும் இன்னொண்ணைப் போடறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஏற்கனவே கேட்டு வெச்சிருக்கணும், விடியற்காலை 6 மணிக்கு முடிவெடுக்கற விஷயம் இல்லை அது.

தென்காசி_ஹேமா

எனக்கும் இதே மாதிரிதான், ஆனா எனக்கு சர்க்கரையும் இருக்கு. வெயிட் குறைய வாராவாரம் செமாகுளுடைட் ஊசி போடறேன். அது ஆரம்பிச்சதுலேர்ந்து ட்ரிப்டான் மாத்திரை முன்ன மாதிரி கேக்கலை. சம்பந்தம் இருக்குமா? இல்ல மாத்திரை பழகிப்போச்சா?

யாழ்_குமரன் (லண்டன்)

ஹேமா, அந்த ஊசியே வயித்தை மெதுவாக்கிறதுதான். பசி குறையிறதில ஒரு பங்கு அதாலதான். கனகாலச் சர்க்கரையும் வயித்து நரம்பை மந்தமாக்கும். அதுக்கு மேல மைக்ரேன். பழகிப்போச்செண்டு முடிவெடுக்க முதல், ஊசி தொடங்கின தேதியையும் குளிசை கேக்காமப் போன தேதியையும் வைச்சுப் பாருங்கோ, பிறகு அதோட டொக்டரிட்டை போங்கோ. தலைவலிக்குக் கோடீன், டிரமடோல் கலந்த குளிசை ஏதும் எடுக்கிறீங்களோ? அதுகளும் வயித்தைக் கட்டிப் போடும். வயித்துப் பிடிப்புக்கு எடுக்கிற டைசைக்ளோமினும் அப்பிடித்தான்.

கேஸ்_கணேசன்

அப்ப பேன்-டி கூடாதுங்கறீங்களா? எங்கம்மாவுக்கு 71 வயசு, எட்டு வருஷமா தினமும் போடறாங்களே.

மருந்துக்கடை_செல்வி

எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு அம்மாவுக்கு ஞாபகம் இருக்கா, சார்? வயசு 60 தாண்டினவங்களுக்கு டோம்பெரிடோனோட இதய ஆபத்து கூடுது. அடுத்த தடவை போகும்போது ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, கூடவே அம்மா போடற எல்லா மாத்திரை ஸ்ட்ரிப்பையும் ஒரு பையில எடுத்துக்கிட்டுப் போங்க.

வடபழனி_சரவணன்

வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். கேக்கறதுக்கு எழுதி வெச்சது: பூச்சில்லாத நாப்ராக்சன், டோம்பெரிடோன் தனியா, பேன்-டிக்குப் பதில் வெறும் பான்டப்ரசோல், விடியற்காலைக்கு ஸ்ப்ரேவா ஊசியா. அமிட்ரிப்டிலினும் வயித்தை மந்தமாக்கும்னு ஒரு இடத்துல படிச்சேன், ராத்திரி போடறதால விடியற்காலை இன்னும் மோசமாகுதோன்னு சந்தேகம். அதையும் கேக்கவா?

மருந்துக்கடை_செல்வி

கேளுங்க. பெரிய அளவுல அது வயித்தை மெதுவாக்கும், 10 மில்லிகிராம்ல எவ்வளவுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. அதை நிறுத்தினா தாக்குதல் எண்ணிக்கையே கூடிடலாம், அதனால நடுவுல நிறுத்திப் பாக்க வேண்டாம். போகும்போது அந்த 4:30, 5:30, 6:15 குறிப்பை அப்படியே எடுத்துட்டுப் போங்க. ஸ்ட்ரிப்பையும் மறக்காதீங்க, காலியா இருந்தாலும் பரவாயில்லை, பின்பக்கம்தான் வேணும்.